மறுபடி ஸ்டாக் வந்தால் முதலில் யாருக்கு? காத்திருப்போர் பட்டியல் நடத்தப் புதிதாக வருபவர்களுக்கு

இணையத்தில் சின்னதாக ஒரு சேலைக் கடை நடத்துகிறேன். சரக்கு காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி. அதில் அரக்குச் சிவப்பில் கட்டம் போட்டு, கடுகு மஞ்சளில் அகலக் கரை வைத்த சேலை ஒன்று உண்டு. வந்தால் நிற்காது. தறியில் ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றி நெய்து வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கேட்டவர்களின் பெயரையும் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்வேன்.

முதல் தடவை 9 சேலை வந்தது, பட்டியலில் 60 பேர். மதியம் இரண்டேகாலுக்கு அறுபது பேருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன். பதினோரு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்தது. ஆகா என்று இருந்தது, சாயங்காலம் நாலரை வரைக்கும். அப்போதுதான் ஒரு டீச்சர் கூப்பிட்டார். நான்கு மாதத்துக்கு முன்பே பெயர் கொடுத்தவர். "லிஸ்ட்ல மொத பேரு என் பேருதானேம்மா? அந்த நேரம் நான் கிளாஸ்ல இருந்தேன், போன் ஸ்டாஃப் ரூம்ல பையில கெடந்துச்சு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை. நான் நடத்தியது பட்டியல் இல்லை, ஓட்டப்பந்தயம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

நீங்கள் விற்பது சேலையோ, இரும்புத் தோசைக்கல்லோ, ரோஜா நாற்றோ, கீழே சொல்வது பொருந்தும். எடுத்துக்காட்டுக்கு என் கடையில் போன தடவை வந்த 20 சேலைகளையே எடுத்துக்கொள்கிறேன்.

மணியா, வரிசையா?

"ஸ்டாக் வந்ததும் தெரிவிக்கவும்" என்று கடைத்தளங்களில் ஒரு பட்டன் இருக்கிறதே, அது பெரும்பாலும் வெறும் மணி. சரக்கு வந்ததும் எல்லோர் காதிலும் ஒன்றாக அடிக்கும், யார் முதலில் ஓடி வருகிறாரோ அவருக்குக் கிடைக்கும். பெயர் கொடுத்த நாளுக்கு அங்கே மதிப்பே இல்லை. மற்றது வரிசை. நம் எல்லோருக்கும் பழக்கமான வரிசை ரயில் வெயிட்டிங் லிஸ்ட்தான். உங்களுக்கு ஓர் எண் இருக்கும். முன்னால் உள்ளவர் ரத்து செய்தால் எண் குறையும். நீங்கள் தூங்கினாலும் இடம் உங்களுடையதுதான்.

சரக்கு ஐநூறு, கேட்பவர் நூறு என்றால் மணி போதும். சரக்கு இருபது, கேட்பவர் எண்பது என்றால் வரிசைதான் வேண்டும். சண்டை வருவது, கடைக்காரர் மணியை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் "உங்க பேரை லிஸ்ட்ல போட்டுட்டேன்" என்று சொல்லும்போதுதான். லிஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மனதில் ஓர் எண் விழுந்துவிடும். அதனால் பெயர் வாங்கும் இடத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: "இது வரிசை. உங்கள் முறை வரும்போது உங்களுக்கு மட்டும் செய்தி வரும், பணம் கட்ட 24 மணி நேரம் இருக்கும்." மணிதான் என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். அது தப்பில்லை.

பெயர் வாங்குவது

வாட்ஸாப்பில் வரும் பெயர்களை நோட்டில் எழுதினால் இருபது பேர் வரைக்கும் தாங்கும். அதற்கு மேல் கூகுள் ஃபார்ம் ஒன்று போடுங்கள். பெயர், போன் எண், பின்கோடுடன் முகவரி, எந்த நிறம், இவ்வளவு கேட்டால் போதும். நிறத்தைக் கேட்காமல் விடாதீர்கள். அரக்குக்குக் காத்திருப்பவரிடம் பச்சையைக் காட்டினால் அவர் முறையும் வீண், உங்கள் ஒரு நாளும் வீண். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி வரிசை என்று வைத்துக்கொள்வதே நல்லது.

ஃபார்மில் ஒரு பொறி இருக்கிறது. பதில்கள் சேரும் ஷீட்டில் முதல் பத்தியில் `Timestamp` என்று நேரம் விழும், அதைத்தான் வரிசைக்கு நம்புவோம். ஆனால் அமைப்பில் `Allow response editing` போட்டு வைத்திருந்தால், ஒருவர் தன் முகவரியைத் திருத்தினாலும் அந்த நேரம் திருத்திய நேரமாக மாறிவிடும். மார்ச்சில் பெயர் கொடுத்தவர் வீடு மாறியதற்காக ஜூனுக்குப் போய் நிற்பார், அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். திருத்தம் வேண்டுபவர் உங்களுக்குச் செய்தி போடட்டும், நீங்களே மாற்றிக்கொள்ளலாம். பதில் ஷீட்டிலேயே எதையும் கலைத்துப் போடாமல், வேலை பார்க்கத் தனித் தாளில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்த வரிசைப்படி கொடுப்பதாக இருந்தால், பெயர் கொடுத்தவருக்கு அன்றே வரிசை எண்ணைச் சொல்லிவிடுங்கள். "உங்கள் எண் 34" என்று ஒரு செய்தி. பின்னால் யாரை முன்னே தள்ளினாலும் அந்த எண் காட்டிக்கொடுக்கும் என்பதால், உங்கள் கையையும் அது கட்டி வைக்கும்.

நேர வரிசையா, குலுக்கலா?

முதலில் வந்தவருக்கு முதலில் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. பெயர்கள் நாலைந்து மாதத்தில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்திருந்தால் அது நியாயமும்தான், காத்திருந்த நாள் உண்மையில் வேறுபடுகிறது. ஆனால் ஒரு புதுச் சேலையின் படத்தைப் போட்டு, பத்தே நிமிடத்தில் எண்பது பேர் பெயர் கொடுத்தார்கள் என்று வையுங்கள். இங்கே 12ஆம் எண்ணுக்கும் 70ஆம் எண்ணுக்கும் என்ன வித்தியாசம்? ஒருவர் போன் கையில் இருந்தது, இன்னொருவர் பேருந்தில் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவுதான். டீச்சர் கதையே மறுபடி, ஆனால் இந்தத் தடவை பெயர் கொடுக்கும் வாசலில்.

நான் இரண்டையும் கலந்து செய்கிறேன். படம் போட்ட நாளிலிருந்து ஞாயிறு இரவு 9 மணி வரை பெயர் கொடுத்த எல்லோரும் சமம், அவர்களுக்குள் குலுக்கல். அதற்குப் பிறகு வருபவர்கள், வந்த வரிசைப்படி அவர்களுக்குப் பின்னால். "அவசரப்பட வேண்டாம், ஞாயிறு வரை நேரம் இருக்கிறது" என்று எழுதியதும், நள்ளிரவில் வரும் "கிடைக்குமா, கிடைக்குமா" செய்திகள் பாதியாகக் குறைந்தன.

குலுக்கலை ஷீட்டிலேயே செய்யலாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் இதைப் போடுங்கள்:

```
=RAND()
```

இது பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஏதாவது ஓர் எண்ணைத் தரும். அந்தப் பத்தியைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் வரிசை தயார். ஆனால் ஷீட்டில் எங்கே கை வைத்தாலும் இந்த எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். அடுக்கிய அடுத்த நொடியே எண்கள் வேறாகி, வரிசை தாறுமாறாகத் தெரியும். இதை நான் ஒரு முறை திரைப் பதிவு எடுத்து அனுப்பிவிட்டு, "நம்பர் மேல கீழ இருக்கே, நீங்களே மாத்துனீங்களா?" என்று கேள்வி வாங்கினேன். அடுக்கும் முன்பே அந்தப் பத்தியை நகலெடுத்து, அதே இடத்தில் `Ctrl+Shift+V` கொண்டு வெறும் எண்களாக ஒட்டிவிடுங்கள். பிறகு அசையாது.

கணினிக் குலுக்கலை நம்பாதவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானே ஷீட்டைத் திரும்பத் திரும்பக் குலுக்கிப் பிடித்த வரிசை வந்ததும் நிறுத்தியிருக்கலாம் அல்லவா? அந்தச் சந்தேகம் வரும் கூட்டமென்றால், குலுக்கல் சீட்டு நடத்துபவர்கள் செய்வது போலச் செய்யுங்கள். எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, தூக்குச் சட்டியில் போட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையை எடுக்கச் சொல்லி ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். யார் எந்த எண் என்பது முன்பே அவரவர் போனில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். எடுத்த பிறகு எண்ணுக்குப் பெயர் சூட்டினால் அது குலுக்கலே இல்லை.

பட்டியலைக் கழுவுவது

சரக்கு வர நான்கைந்து நாள் இருக்கும்போது இதைச் செய்ய வேண்டும். போன தடவை என் ஷீட்டில் 87 வரிகள் இருந்தன. ஒரே ஆள் இரண்டு முறை பெயர் கொடுத்திருப்பார், பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் இல்லை, கொடுத்ததை மறந்திருப்பார். ஆனால் எண்ணை ஒரு தடவை +91 போட்டும் ஒரு தடவை நடுவில் இடைவெளி விட்டும் எழுதுவதால் கண்ணுக்குச் சிக்காது. போன் எண் C பத்தியில் இருந்தால், காலியாக உள்ள G பத்தியில் முதல் சூத்திரத்தையும் H பத்தியில் இரண்டாவதையும் இரண்டாம் வரியில் போட்டு, கடைசி வரி வரை கீழே இழுத்துவிடுங்கள்:

```
=RIGHT(SUBSTITUTE(C2," ",""),10)
=COUNTIF(G:G,G2)
```

முதலாவது இடைவெளியை எடுத்துவிட்டுக் கடைசிப் பத்து இலக்கத்தைத் தரும். இரண்டாவதில் 1-க்கு மேல் வந்தால் அந்த எண் இன்னோர் இடத்திலும் இருக்கிறது. முதலில் பதிந்த வரியை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். கணவர் எண்ணில் ஒன்று, மனைவி எண்ணில் ஒன்று என்று வருவதைச் சூத்திரம் பிடிக்காது. அதற்கு முகவரியைப் பின்கோடு வாரியாக அடுக்கி ஒரு பார்வை பார்க்க வேண்டும். வாங்கி மேல்விலைக்கு விற்பவர்களும் இங்கேதான் மாட்டுவார்கள். ஒரே தெரு, ஒரே வீட்டு எண், நான்கு வெவ்வேறு பெயர்கள். வீட்டுக்கு ஒன்று என்ற விதி முன்பே எழுதியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அடுக்குமாடி வீடுகளில் நிதானம் வேண்டும், வாசல் எண் ஒன்றாக இருந்தாலும் குடும்பங்கள் வேறு.

கழுவிய பிறகு 87 என்பது 79 ஆயிற்று. அந்த 79 பேருக்கும் ஒரு செய்தி: "அடுத்த வாரம் சேலை வருகிறது. இன்னும் வேண்டுமா? வியாழன் இரவுக்குள் ஆம் அல்லது வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்." 52 பேர் ஆம் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள், வேறு இடத்தில் வாங்கிவிட்டார்களாம். 19 பேரிடமிருந்து பதிலே இல்லை. பதில் இல்லாதவர்களை அழிக்காதீர்கள், இந்தச் சுற்றில் மட்டும் ஓரமாக வைத்து, எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள்.

இந்தச் செய்தியைத் தனித்தனியாக அனுப்புங்கள். வாட்ஸாப் பிராட்காஸ்ட் லிஸ்ட் சுலபமாகத் தெரியும், ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் சேமித்திருக்க மாட்டார்கள். நீங்கள் சொன்னதாக நினைப்பீர்கள், அவர்கள் சொல்லவே இல்லை என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

யார் முன்னே போகலாம்?

இந்தக் கேள்வியில்தான் கடைக்காரரின் தூக்கம் கெடும். என்னைப் பொறுத்தவரை வரிசையைத் தாண்டிப் போகத் தகுதி உள்ளவர்கள் ஒரு வகைதான்: நாம் கடன்பட்டவர்கள். போன தடவை பணம் கட்டியும் சரக்கு இல்லை என்று திருப்பிக் கொடுத்தோமே அவர், கரையில் இழை விட்ட சேலை போய்ச் சேர்ந்து மாற்றுக்குக் காத்திருப்பவர். இவர்களுக்கு முதலில் கொடுப்பது சலுகை இல்லை, பாக்கி தீர்ப்பது.

அடுத்து, பழைய வாடிக்கையாளர். 2021 ஜூலையில் வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவிக்கு முன்பதிவு திறந்தபோது 5 டாலர் முன்பணம் வாங்கியது. அதோடு முதல் 48 மணி நேரம், அந்த ஜூனுக்கு முன்பே தன் தளத்தில் ஏதாவது வாங்கியிருந்த கணக்குகளை மட்டும் அனுமதித்தது. புதுக் கணக்குகளைக் கொத்தாகத் திறந்து அள்ளிப் போகிறவர்களைத் தடுக்க அது நல்ல வழி. ஆனால் இருபது சேலைக் கடையில் அதையே செய்தால் புதியவர் யாருக்கும் என்றைக்கும் கிடைக்காது. பழையவர்களுக்கு ஒதுக்கித்தான் ஆக வேண்டும் என்றால், இருபதில் இரண்டு என்று எண்ணைச் சொல்லி ஒதுக்குங்கள். ரயிலில் கோட்டா இருப்பது எல்லோருக்கும் தெரியும், தெரிந்திருப்பதால்தான் யாரும் அதைத் திருட்டு என்று சொல்வதில்லை. முன்பணமும் சிறு தொகையாக இருந்தால் சரி, வேண்டாம் என்றால் முழுதாகத் திரும்பி வரும் என்று எழுதிவிட்டு வாங்குங்கள். நான் வாங்குவதில்லை. திருப்பி அனுப்பும் கணக்கே ஒரு தனி வேலை.

"தங்கச்சி கல்யாணம்", "அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம்" என்று வருபவர்களை என்ன செய்வது? ஒரு காலத்தில் மனம் இளகி முன்னே போட்டிருக்கிறேன். பிறகு கவனித்தேன், கதை சொல்லத் தெரிந்தவருக்கே சேலை போகிறது. அதைவிடப் பெரிய காரணம் இருந்தும் வாய் திறக்காமல் வரிசையில் நிற்பவரை எனக்குத் தெரியவே தெரியாது. இப்போது கதைக்கு இடம் கொடுப்பதில்லை. ஒன்று மட்டும் செய்கிறேன். முன்னால் இருப்பவர் தானாக "எனக்கு அவசரமில்லை, அடுத்த சுற்றில் போதும்" என்றால், அந்த இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போகும், நான் கைகாட்டுபவருக்கு இல்லை.

சரக்கு வந்த அன்று

பார்சலைப் பிரித்ததும் செய்தி அனுப்பாதீர்கள். முதலில் ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். போன தடவை 20-இல் ஒன்றில் முந்தியருகே இழை அறுந்திருந்தது. நல்லது 19. அதில் ஒன்றை மாற்றுக் கேட்டு வருபவருக்காக எடுத்து வைத்தேன். ஆக, கொடுக்க இருப்பது 18. பட்டியலில் முதல் 18 பேருக்கு மட்டும் செய்தி போனது. இன்னும் நாலு பேருக்குச் சேர்த்து அனுப்பலாமே, எப்படியும் சிலர் வாங்க மாட்டார்கள் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். எல்லோரும் வாங்கிவிட்டால் நீங்களே முறை வந்துவிட்டது என்று சொன்னவரிடம் இல்லை என்று சொல்ல வேண்டி வரும்.

செய்தி இப்படி இருந்தது:

"வணக்கம். அரக்குக் கண்டாங்கியில் உங்கள் முறை வந்துவிட்டது (எண் 11). ஒரு சேலை உங்கள் பெயரில் எடுத்து வைத்திருக்கிறேன். நாளை காலை 10 மணிக்குள் பணம் கட்டினால் போதும், அதுவரை வேறு யாருக்கும் போகாது. வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறேன்."

நேரத்தை "24 மணி நேரத்துக்குள்" என்று எழுதாமல் நாளும் மணியுமாகச் சொல்லுங்கள், கணக்குப் போட்டுத் தப்பாகப் புரிந்துகொள்பவர் அதிகம். ஒரு முழு நாள் என்பது கஞ்சத்தனமில்லாத அளவு. வகுப்பில் இருப்பவரும், இரவுப் பணி முடித்து உறங்கும் நர்ஸும், துபாயில் இருக்கும் மகனிடம் பணம் கட்டச் சொல்பவரும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். இரண்டு மணி நேரம் என்று வைத்தால் மறுபடி போன் கையில் இருப்பவர் பந்தயம்தான்.

18 பேரில் 13 பேர் கட்டினார்கள், 2 பேர் வேண்டாம் என்றார்கள், 3 பேர் பேசவே இல்லை. மிச்சம் 5. மறுநாள் அடுத்த 5 பேருக்கு அனுப்பினேன், 4 பேர் கட்டினார்கள். மிச்சம் இருந்த ஒன்று மூன்றாம் நாள் 24ஆம் ஆளுக்குப் போனது. மூன்று நாளில் 18-உம் முடிந்தது. பதினோரு நிமிடத்தில் விற்றதைவிட மெதுவுதான், ஆனால் ஒரு சண்டைகூட இல்லை.

உங்களுக்குக் கடைத்தளம் இருந்தால் இங்கே இரண்டு இடத்தில் கால் இடறும். முதலாவது, தளத்தில் 18 என்று ஸ்டாக்கை ஏற்றிவிட்டு வரிசைக்காரர்களுக்குச் செய்தி அனுப்புவது. வரிசையைப் பற்றி எதுவும் தெரியாத யாரோ ஒருவர் கூகுளில் தேடி வந்து நேராக வாங்கிப் போய்விடுவார். தளத்தில் பூஜ்யமாகவே வைத்துவிட்டு, முறை வந்தவருக்கு மட்டும் பணம் கட்டும் லிங்க் அனுப்புங்கள். வரிசை தீர்ந்த பிறகு மிச்சம் இருந்தால் அப்போது ஏற்றலாம். இரண்டாவது, வூகாமர்ஸ் தளங்களில் `Hold stock (minutes)` என்று ஓர் அமைப்பு உண்டு, முதலில் அதில் 60 என்றுதான் இருக்கும். ஆர்டர் போட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் பணம் கட்டாவிட்டால் ஆர்டரைத் தானே ரத்து செய்துவிடும். நீங்கள் ஒரு நாள் என்று வாக்குக் கொடுத்திருப்பீர்கள், தளம் ஒரு மணியில் கையை விரித்துவிடும். ஆர்டரைத் தளத்தின் வழியாகவே வாங்குவதாக இருந்தால் அதை 1440 ஆக்குங்கள்.

காத்திருப்போர் பட்டியலில் கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம். வாசலில் வாங்க மறுத்தால் சேலை திரும்பி வர நாள் கணக்கில் ஆகும், அதற்குள் அடுத்த எண்காரர் வேறெங்கோ வாங்கியிருப்பார்.

மிச்சம் இருப்பவர்கள்

52 பேரில் 24 பேர் வரை முறை வந்து போய்விட்டது, 28 பேர் காத்திருக்கிறார்கள். சரக்கு தீர்ந்த அன்றே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்: "இந்தத் தடவை 24ஆம் ஆளோடு முடிந்தது. அடுத்த சுற்றுக்கு உங்கள் எண் 7." எண் முன்னே வந்ததைப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் காத்திருப்பார்கள். முழுப் பட்டியலையும் பெயர், போன் எண்ணோடு குழுவில் போடாதீர்கள். வெளிப்படையாக இருக்கிறேன் என்று ஒரு தோழி அப்படிப் போட்டு, அந்த எண்களுக்கெல்லாம் வேறொரு சேலைக் கடையிலிருந்து விளம்பரம் வரத் தொடங்கியது. வரிசை எண்ணும் போனின் கடைசி இரண்டு இலக்கமும் போதும்.

பேசாமல் விட்டவர்களுக்கு என் விதி: ஒரு முறை தவறினால் எண் அப்படியே இருக்கும், இரண்டாம் முறையும் பதில் இல்லை என்றால் வரிசையின் கடைசிக்கு. வேண்டாம் என்று சொன்னவர்களின் பெயர் நீங்கும், மறுபடி வேண்டுமானால் புதிதாகப் பதியலாம். அந்த டீச்சர் இரண்டாம் சுற்றில் இரவு எட்டரைக்குப் பணம் கட்டினார், பரீட்சைத் தாள் திருத்தி முடித்துவிட்டு.

அப்புறம், பட்டியலுக்கு ஒரு கதவு வேண்டும். என் தறிக்காரர் இரண்டு மாதத்துக்கு 20 சேலை தருகிறார். 200 பேர் பெயர் கொடுத்தால் கடைசி ஆளுக்கு 20 மாதம் ஆகும். அவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்லிப் பெயர் வாங்குவது ஏமாற்றுத்தான். அதனால் இப்போதெல்லாம் 60 பெயர் சேர்ந்ததும் ஃபார்மை மூடிவிட்டு, "அடுத்த சுற்று முடிந்ததும் திறக்கும்" என்று எழுதி வைத்துவிடுகிறேன்.